மூன்று புள்ளியா, மேற்கோள் குறியா, நம் சொல்லா? பேசியவரின் பேச்சைக் குறுக்கும் வழிகள்

பேட்டியோ மேடைப் பேச்சோ, பதிவைக் கேட்டு அப்படியே எழுதினால் பக்கம் பக்கமாக நீளும், நமக்குக் கிடைத்திருக்கும் இடமோ அரைப் பக்கம். குறுக்கியே ஆகவேண்டும். அதற்கு நம்மிடம் இருப்பவை நான்கு வழிகள். பேசியதில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, ஆனால் அந்தத் துண்டுக்குள் எதையும் தொடாமல் போடலாம். நடுவில் வெட்டி, வெட்டிய இடத்தில் மூன்று புள்ளி வைக்கலாம். நம் வாக்கியத்துக்குள் அவருடைய இரண்டு மூன்று சொல்லை மட்டும் மேற்கோளில் செருகலாம். இல்லாவிட்டால் மேற்கோளே இல்லாமல் அவர் சொன்னதை நம் நடையில் எழுதிவிடலாம். பலரும் நினைப்பது என்னவென்றால், புள்ளி வைத்து வெட்டுவதுதான் நாணயமான வழி, ஏனென்றால் சொற்கள் அவருடையவை, வெட்டியதையும் மறைக்கவில்லை. நம் நடையில் எழுதினால்தான் திரிபு வரும் என்று. எனக்கு நேர்மாறாகத்தான் படுகிறது. நான்கில் அதிகம் ஏமாற்றுவது மூன்று புள்ளிதான்.

2003 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் பேசினார். தமிழில் சொன்னால் அவர் பேச்சு இப்படிப் போனது: "அல்கொய்தா ஓட்டம் எடுத்திருக்கிறது. நம் நாட்டைத் தாக்கிய அந்தப் பயங்கரவாதக் கும்பல் மெதுவாக, ஆனால் நிச்சயமாக அழிக்கப்பட்டு வருகிறது. இப்போது அல்கொய்தாவின் முக்கிய ஆட்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒன்று சிறையில் இருக்கிறார்கள், இல்லை செத்துவிட்டார்கள். இரண்டில் எதுவானாலும் அவர்களால் இனித் தொல்லை இல்லை." ஒரு வாரம் கழித்து சவுதி அரேபியாவின் ரியாத்தில் அல்கொய்தா வைத்த குண்டுகள் வெடித்தன. அதற்கு இரண்டு நாள் கழித்து நியூயார்க் டைம்ஸில் மௌரீன் டவுட் எழுதிய பத்தியில் அதே பேச்சு இப்படி வந்தது: அல்கொய்தா ஓட்டம் எடுத்திருக்கிறது, அந்தக் கும்பல் மெதுவாக ஆனால் நிச்சயமாக அழிக்கப்பட்டு வருகிறது, மூன்று புள்ளி, "அவர்களால் இனித் தொல்லை இல்லை."

அதில் ஒரு சொல்கூட பொய் இல்லை. வெட்டிய இடத்தில் புள்ளியும் இருக்கிறது. ஆனால் புஷ் 'அவர்கள்' என்று சொன்னது சிறையிலும் கல்லறையிலும் இருக்கிற பாதிப் பேரை, அதாவது கிட்டத்தட்ட யாரும் மறுக்க முடியாத ஒரு விஷயத்தை, கொஞ்சம் கிண்டலாகவே சொன்னார். வெட்டியபிறகு 'அவர்கள்' என்றால் அல்கொய்தா முழுவதும். ரியாத் குண்டுவெடிப்புக்குப் பிறகு படிக்கும் எவருக்கும் அந்த மனிதர் முட்டாளாகத் தெரிவார். புஷ்ஷின் பேச்சில் குறை சொல்ல வேறு இடங்கள் ஏராளம், அல்கொய்தா ஓடுகிறது என்ற முதல் வாக்கியத்தையே பிடித்து உலுக்கியிருக்கலாம். இல்லாததைப் பிடிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

இதில் கவனிக்கவேண்டியது, வெட்டு விழுந்த இடம். 'அவர்கள்', 'அது', 'அப்படி', 'இதனால்', 'ஆனாலும்' போன்ற சொற்கள் தனியாக நிற்பவை அல்ல, பின்னால் திரும்பி எதையோ சுட்டுபவை. புள்ளிக்கு வலப்பக்கம் இப்படி ஒரு சொல் நின்றால், அது சுட்டும் பொருள் புள்ளிக்குள் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மாட்டியிருந்தால் அந்தச் சொல் சும்மா இருக்காது, இடப்பக்கத்தில் கிடைத்த முதல் பெயரைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். புள்ளி வைத்தோமே என்பது இதற்குப் பதில் ஆகாது. ஏதோ போயிருக்கிறது என்று மட்டும்தான் புள்ளி சொல்லும், என்ன போனது, எவ்வளவு போனது என்று சொல்லாது. வாசகர் ஏதோ தேவையில்லாத பேச்சு போலிருக்கிறது என்று நம்பிக் கடந்துவிடுவார்.

தமிழில் புள்ளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வார இதழ்களும் கதைகளும் மூன்று புள்ளியை இழுவைக்கும் தயக்கத்துக்கும் சஸ்பென்ஸுக்கும் பயன்படுத்திப் பயன்படுத்தி, "அது வந்து... எனக்குத் தெரியாது..." என்று படித்தால் யாரும் வெட்டியிருக்கிறார்கள் என்று நினைப்பதில்லை, பேசியவர் தடுமாறினார் என்றுதான் நினைப்பார்கள். ஆக, நாம் நாணயமாக வைத்த புள்ளி அவரைத் திக்கித் திணறுகிறவராகக் காட்டிவிடலாம், அதிலும் லஞ்சப் புகார் மாதிரி ஒரு விஷயத்தில் அந்தத் தயக்கமே வாக்குமூலம் மாதிரி ஒலிக்கும். வெட்டுத்தான் என்று தெரியவேண்டும் என்றால் புள்ளிகளைச் சதுர அடைப்புக்குள் [...] போடுவது நல்லது. அதைவிட நல்லது, மேற்கோளை மூடிவிட்டு, "என்றார் அவர். பிறகு..." என்று சொல்லிவிட்டு, புது மேற்கோளைத் திறப்பது. இரண்டு துண்டுகள் இரண்டு துண்டுகளாகவே தெரியும்.

நான்கு வழிகளையும் ஒரே பேச்சில் வைத்துப் பார்ப்போம். இது நான் உதாரணத்துக்காகப் புனைந்தது. ஒரு வேளாண் அலுவலர் புது நெல் ரகம் ஒன்றைப் பற்றிச் சொல்கிறார்:

"இந்த ரகம் நம்ம பக்கத்துக்கு ஒத்துவரும்னுதாங்க நினைக்கிறேன். ஆனா நாங்க பார்த்தது ரெண்டே குறுவைதான், அதுவும் ஆத்துப்பாசனம் இருக்குற வயல்ல. போர் தண்ணிய மட்டும் நம்பி இருக்குறவங்க, அதுலயும் தண்ணி உப்பா இருந்தா, இப்பவே இதுல எறங்க வேண்டாம்னு சொல்லுவேன். வெதை வியாபாரிங்க ஏக்கருக்கு நாப்பது மூட்டைங்குறாங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன்."

முதலில், இவர் சொல்லும் செய்தி என்ன என்று ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம்: ஆற்றுத்தண்ணீர் வயலில் கொஞ்ச காலம் பார்த்ததில் நம்பிக்கை இருக்கிறது, உப்புத் தண்ணீர்க்காரர்கள் பொறுக்கவேண்டும், விளைச்சல் கணக்குக்கு நான் பொறுப்பில்லை. குறுக்கி முடித்த பிறகு, குறுக்கியதை மட்டும் படித்து மறுபடி ஒரு வரி எழுதவேண்டும். இரண்டு வரியும் பொருந்தவில்லை என்றால் வெட்டு தப்பு. முடிந்தால் இரண்டாவது வரியைப் பேச்சைக் கேட்காத ஒருவரை எழுதச் சொல்லுங்கள், ஏனென்றால் முழுப் பேச்சையும் கேட்ட காது, வெட்டிப்போனதையும் சேர்த்தே படிக்கும்.

இப்போது புள்ளி வழி. "இந்த ரகம் நம்ம பக்கத்துக்கு ஒத்துவரும் [...] ஏக்கருக்கு நாப்பது மூட்டை" என்று போட்டால் அது பச்சை மோசடி, எவரும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று தோன்றும். செய்திருக்கிறார்கள். 2008 அக்டோபரில் நியூ ஹாம்ப்ஷயரில் பேசிய ஒபாமா, அதிபர் தேர்தலில் தன்னை எதிர்த்து நின்ற மெக்கெய்னின் தரப்பு இப்படிச் சொன்னது என்று சொல்லி, "பொருளாதாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நாம் தோற்றுவிடுவோம்" என்ற அவர்களுடைய வரியை மேற்கோள் காட்டினார். 2011 நவம்பரில், அடுத்த தேர்தலில் ஒபாமாவை எதிர்க்கப் புறப்பட்ட மிட் ராம்னியின் விளம்பரத்தில் 'இப்படிச் சொன்னது' போய்விட்டது. ஒபாமாவின் குரலில் வரி மட்டும் வந்தது, அவரே தன் ஆட்சியைப் பற்றிப் பயந்து சொன்னது போல. பிறர் சொன்னதை ஒருவர் எடுத்துச் சொல்லும் இடத்தில் யார் சொன்னது என்பதை வெட்டினால், பேச்சுக்கே ஆள் மாறிவிடும். தமிழில் இது இன்னும் எளிதாக நடக்கும், ஏனென்றால் யார் சொன்னது என்பது பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் 'ங்குறாங்க', 'னு சொல்றாங்க', 'ஆம்' என்று ஒட்டிக்கொண்டிருக்கும். 'நாப்பது மூட்டைங்குறாங்க' என்பதில் வாலை நறுக்கினால் நாற்பது மூட்டை அலுவலரின் கணக்காகிவிடும். மறுப்பும் அப்படித்தான், வாக்கியம் முடியும்போதுதான் 'இல்லை', 'மாட்டேன்', 'வேண்டாம்' வரும். ஆகவே தமிழ் வாக்கியத்தின் தலையை வெட்டினால் தகவல் குறையும், வாலை வெட்டினால் பொருளே புரண்டுவிடும்.

மோசடி எண்ணமே இல்லாமல் நடப்பது வேறு மாதிரி. "இந்த ரகம் நம்ம பக்கத்துக்கு ஒத்துவரும் [...] போர் தண்ணிய மட்டும் நம்பி இருக்குறவங்க [...] இப்பவே இதுல எறங்க வேண்டாம்" என்று வெட்டுகிறோம். எச்சரிக்கையை வைத்துவிட்டோம், ஆகவே மனசு நிம்மதி. ஆனால் போனது என்ன? 'நினைக்கிறேன்' போனது, இரண்டே குறுவை என்பது போனது, தண்ணீர் உப்பாக இருந்தால் என்பதும் போனது. நல்ல தண்ணீர் வரும் போர் வைத்திருப்பவர்களிடம் அவர் அவ்வளவு அழுத்திச் சொல்லியிருக்கமாட்டார், 'அதுலயும்' என்ற சொல்லில் அந்த ஏற்ற இறக்கம் இருந்தது. முதல் பாதியில் அவர் சொன்னதைவிடத் துணிச்சலாகவும், இரண்டாம் பாதியில் சொன்னதைவிடக் கறாராகவும் ஆகிவிட்டார். ஒரே மேற்கோளில் இரண்டு திசையிலும் நகர்ந்துவிட்டது, ஒவ்வொரு சொல்லும் அவருடையதே.

'நினைக்கிறேன்' எப்படிப் போகிறது என்பதைச் சொல்லியாகவேண்டும். பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக்கும்போது எல்லோரும் சில சொற்களைத் தள்ளுவோம். 'வந்து', 'பார்த்தீங்கன்னா', 'என்ன சொல்றது', 'இல்லீங்களா' எல்லாம் போகலாம், அதற்குப் புள்ளிகூட வேண்டாம், அவற்றை வைத்தால்தான் பேசியவரைக் கிண்டல் செய்வது போல இருக்கும். அந்த வேகத்திலேயே 'நினைக்கிறேன்', 'எனக்குத் தெரிஞ்சு', 'பெரும்பாலும்', 'இப்போதைக்கு' ஆகியவையும் சேர்ந்து போய்விடும், ஏனென்றால் காதுக்கு இவையும் இழுவை மாதிரியே கேட்கும். இவை இழுவை இல்லை. எந்த அளவுக்கு உறுதி என்பதைச் சொல்பவை இவை மட்டும்தான். 'எறங்க வேண்டாம்' என்பதை 'இறங்க வேண்டாம்' என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, மேற்கோளுக்குள்ளேயே செய்யலாம், நம் வாசகர்களுக்கு அந்த வழக்கம் தெரியும். 'ஒத்துவரும்னுதான் நினைக்கிறேன்' என்பது 'ஒத்துவரும்' ஆவதில்தான் ஆட்சேபம்.

இரண்டாவது, வெட்டில்லாத ஒரு முழுத் துண்டு. இங்கே அது எந்த வாக்கியமாக இருக்கவேண்டும் என்பதுதான் கேள்வி. முதல் வாக்கியம் கவர்ச்சியானது, தனியாக நின்றால் ஆபத்தானது. "போர் தண்ணிய மட்டும் நம்பி" என்று தொடங்கும் மூன்றாவது வாக்கியம் தன் நிபந்தனையைத் தானே சுமந்துகொண்டு நிற்கிறது, முன்னாலும் பின்னாலும் எதையும் அது கேட்கவில்லை, 'இதுல' என்ற ஒரு சொல்லைத் தவிர. அதற்கு முன் நம் வாக்கியத்தில் ரகத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். முழு மேற்கோளுக்கு நான் பார்ப்பது இதைத்தான்: அழகாக இருக்கிறதா என்பதை அல்ல, தனியாக நிற்குமா என்பதை.

மூன்றாவது, சொல் துணுக்கு. அலுவலர் "இப்பவே" வேண்டாம் என்றார், என்று ஒற்றைச் சொல்லை மேற்கோளில் போடுவது. இதை நான் முடிந்தவரை தவிர்ப்பேன். ஒற்றைச் சொல்லுக்கு மேற்கோள் குறி போட்டால் வாசகர் அதை நக்கலாகப் படிப்பார், 'வளர்ச்சி' என்று குறிக்குள் போடுவது மாதிரி. அவருடைய சொல் வழக்கமானது அல்ல, நாம் மாற்றினால் சுவையோ பொறுப்போ போய்விடும் என்றால் மட்டும் துணுக்கு சரி. மற்றபடி சாதாரணச் சொல்லுக்கு எதற்குக் குறி?

நான்காவது, நம் சொல்லில் எழுதுவது. இந்தப் பேச்சுக்கு நான் எழுதினால், தனியாக நிற்கும் அந்த மூன்றாவது வாக்கியத்தை மட்டும் மேற்கோளில் வைத்துக்கொண்டு, மற்றதை இப்படி எழுதுவேன்: ஆற்றுப்பாசன வயல்களில் இரண்டு குறுவைப் பருவம் மட்டுமே பார்த்திருந்தாலும், இந்த ரகம் இப்பகுதிக்கு ஒத்துவரும் என்றே நினைப்பதாகச் சொன்னார். "போர் தண்ணிய மட்டும் நம்பி இருக்குறவங்க, அதுலயும் தண்ணி உப்பா இருந்தா, இப்பவே இதுல எறங்க வேண்டாம்னு சொல்லுவேன்" என்றார். விதை வியாபாரிகள் ஏக்கருக்கு நாற்பது மூட்டை என்கிறார்கள், அப்படிச் சொல்ல அவர் தயாராக இல்லை.

ஐந்து வாக்கியம் மூன்றாகிவிட்டது, நிபந்தனை எதுவும் போகவில்லை, புள்ளியும் இல்லை. கடைசி வாக்கியத்தில்தான் நான் அதிகம் யோசித்தேன். 'வியாபாரிகளின் கணக்கை மறுத்தார்' என்று எழுதக் கை வரும், சுருக்கமாகவும் இருக்கும். ஆனால் அவர் மறுக்கவில்லை, நான் சொல்லமாட்டேன் என்று மட்டும் சொன்னார். நாற்பது மூட்டை வரவும் கூடும் என்று அவர் மனதில் இருக்கலாம். நம் சொல்லில் எழுதும்போது ஆபத்து இருப்பது பெரும்பாலும் இந்த வினைச்சொல்லில்தான். 'சுட்டிக்காட்டினார்' என்று எழுதினால் அவர் சொன்னது உண்மை என்று நாமே கையெழுத்துப் போடுகிறோம். 'ஒப்புக்கொண்டார்' என்றால் இதுவரை மறைத்தார் என்று பொருள். 'குற்றம் சாட்டினார்' என்றால் ஒரு வருத்தம்கூடப் புகாராகிவிடும். 'சொன்னார்', 'என்றார்' இரண்டும் அலுத்துப்போன சொற்கள்தான், இருந்தாலும் ஒரு பக்கத்தில் பத்து 'என்றார்' வந்தால் யாருக்கும் கேடில்லை.

மேற்கோள் குறி போடுவதற்கும் நம் நடையில் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991-இல் ஒரு வழக்கில் பிரித்துப் பார்த்திருக்கிறது. சிக்மண்ட் ஃப்ராய்டின் ஆவணக் காப்பகத்தில் பொறுப்பில் இருந்து நீக்கப்பட்ட ஜெஃப்ரி மேசன் என்ற மனோதத்துவ ஆய்வாளரை ஜேனட் மால்கம் பல மணி நேரம் பேட்டி கண்டு, 1983 டிசம்பரில் நியூயார்க்கர் இதழில் எழுதினார். தன் வாயில் இல்லாத சொற்களைப் போட்டுவிட்டார் என்று மேசன் வழக்குப் போட்டார். வழக்கில் அலசப்பட்ட மேற்கோள்களில் ஒன்று வெட்டைப் பற்றியது. அதில் மேசன் தன் நீக்கத்தின் கதையை மால்கமிடம் சொல்கிறார்: காப்பகத்தின் தலைவராக இருந்த ஐஸ்லர், நீக்கத்தைப் பற்றி வெளியே பேசாதே என்று மேசனிடம் கேட்டுக்கொள்கிறார். ஏன் பேசக்கூடாது என்கிறார் மேசன். இதழில் வந்தபடி ஐஸ்லரின் பதில், அதுதான் கண்ணியமான செயல் என்பது. உடனே மேசன், "ஆனால் அவர் தப்பான ஆளிடம் கேட்டுவிட்டார்" என்கிறார். அதாவது, கண்ணியமா, அதற்கு நான் ஆள் இல்லை.

பேட்டியின் ஒலிநாடாவில், மேசன் சொல்லும் ஐஸ்லரின் பதில் அங்கே முடியவில்லை. கண்ணியமான செயல், உன் மானமும் காப்பாற்றப்படும், எங்கள் முடிவைப் பணிவாக ஏற்றுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தால், யார் கண்டது, சில வருடங்களில் உன்னைத் திரும்ப அழைத்தாலும் அழைப்போம் என்று போகிறது. அதற்குப் பிறகுதான் 'தப்பான ஆள்' வருகிறது. இப்போது படித்தால், ஆசை காட்டி வாயை அடைக்கப் பார்த்தார்கள், நான் மசியவில்லை என்று ஒரு மனிதர் சொல்கிறார். நடுவில் இருந்ததை எடுத்ததால் விலைக்குப் போகாதவர் கண்ணியம் இல்லாதவராகிவிட்டார். அங்கே புள்ளியும் இல்லை, சொல்லப்போனால் புள்ளி வைத்திருந்தாலும் பொருள் இப்படியேதான் மாறியிருக்கும்.

நீதிமன்றம் சொன்னதில் இரண்டு விஷயம் நமக்கு உதவும். இலக்கணத்தைத் திருத்துவதோ சில சொற்கள் மாறுவதோ மட்டும் பொய்யாகிவிடாது, பொருள் கணிசமாக மாறியதா என்பதே கேள்வி. அதேசமயம், அவர் சொன்னதற்கு நியாயமாக இப்படியும் பொருள் கொள்ளலாம் என்ற சமாதானம் மேற்கோள் குறிக்குள் செல்லாது, ஏனென்றால் குறியைப் பார்க்கும் வாசகர் இது எழுத்தாளரின் விளக்கம் என்று நினைப்பதில்லை, அவர் வாயிலிருந்து வந்தது என்றே எடுத்துக்கொள்வார். வழக்கு பிறகு நடுவர் குழுவிடம் போய், 1994-இல் மால்கம் பக்கம் தீர்ப்பானது. சட்டப்படி அவதூறு என்று நிரூபிப்பது வேறு, நல்ல மேற்கோளா என்பது வேறு. எனக்கு இதிலிருந்து கிடைப்பது, விளக்கம் சொல்ல விரும்பினால் குறியைக் கழற்றிவிட்டுச் சொல்லவேண்டும் என்பதுதான். நம் சொல்லில் எழுதும்போது அது நம் புரிதல் என்பது வெளிப்படையாக இருக்கிறது, வாசகர் சந்தேகப்பட இடம் இருக்கிறது. வெட்டி ஒட்டிய மேற்கோளில் அந்த இடம் இல்லை.

ஆகவே எதை எப்போது என்றால், யாராவது ஒருவர் மேல் பழி விழும் பேச்சு, வாக்குறுதி, மன்னிப்பு, நீதிமன்றம் வரை போகக்கூடியது, இவற்றை வெட்டாமல் முழுத் துண்டாகப் போடுங்கள், இடம் போதவில்லை என்றால் வேறு எதையாவது குறையுங்கள். எண்களும் செய்முறையும் பின்னணியும் நம் சொல்லில் போகட்டும், மக்கள் பேசும்போது எண்ணை முன்னும் பின்னுமாகத்தான் சொல்வார்கள், அதை மேற்கோளில் வைத்து யாருக்கும் பயன் இல்லை. மூன்று புள்ளிக்கு நான் விட்டுவைப்பது ஒரே இடம்: ஒரே நீண்ட வாக்கியத்தின் நடுவில் அவர் வேறு ஊருக்குப் போய்த் திரும்பி வந்திருந்தால், அந்தச் சுற்றுப்பயணத்தை மட்டும் எடுக்கலாம். ஒரு கேள்விக்குச் சொன்ன பதிலையும் இன்னொரு கேள்விக்குச் சொன்ன பதிலையும் புள்ளியால் இணைப்பது எக்காரணத்துக்கும் கூடாது, அதற்குப் பெயர் குறுக்குவது அல்ல.

நம் சொல்லில் எழுதுவதிலும் ஒரு வரம்பு உண்டு. பேசியவரே தெளிவில்லாமல் பேசியிருந்தால், இரண்டு விதமாகப் பொருள் வருமாறு சொல்லியிருந்தால், நம் நடையில் எழுதும்போது நமக்கே தெரியாமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிடுவோம். அரசியல்வாதிகள் வேண்டுமென்றே அப்படிப் பேசுவார்கள். அந்த மாதிரி இடத்தில் போன் போட்டுக் கேட்கலாம், கேட்க முடியாவிட்டால் குழப்பத்தைக் குழப்பமாகவே, முழு மேற்கோளில், அவர் சொன்னபடி விட்டுவிடவேண்டும்.

இதெல்லாம் பார்த்துச் செய்தபிறகும் தலைப்பில் கோட்டை விடுவதுண்டு. உள்ளே நிபந்தனையோடு இருக்கும் வரி, தலைப்பில் ஒற்றை மேற்கோளில், "புது ரகம் நம்ம பக்கத்துக்கு ஒத்துவரும்" – வேளாண் அலுவலர், என்று வந்து நிற்கும், அலைபேசியில் பார்ப்பவர் அதற்குமேல் போகவும் மாட்டார். தலைப்பில் நிபந்தனைக்கு இடம் இல்லை என்றால் மேற்கோளுக்கும் இடம் இல்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. குறி இல்லாமல், 'புது நெல் ரகம்: உப்புத் தண்ணீர் வயலுக்கு இப்போது வேண்டாம் என்கிறார் அலுவலர்' என்று எழுதினால், சொல் அவருடையது இல்லை, ஆனால் அவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினால் ஆமாம், அதைத்தான் சொன்னேன் என்பார்.